காது மந்தமான அப்பாவுக்கு மன்னிப்புக் கடிதம்: அவர் காதில் விழாத சொற்களையும் எழுத வேண்டுமா?

காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரங்களாக எழுதியும் முடியவில்லை. எழுத்தில் அக்கறையுள்ளவர்கள் இங்கே பலர் இருப்பதால் உங்கள் முன் வைக்கிறேன்.

அப்பாவுக்கு 66 வயது. குமாரபாளையத்தில் 17 வயதில் விசைத்தறிக்குப் போனவர், 60 வயதுவரை தறிப்பட்டறையிலேயே இருந்தார். பெரும்பாலும் இரவு ஷிப்ட். ஒரே கூரையின் கீழ் இருபத்து நான்கு தறிகள் ஓடும். சிறுவனாகச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போது வாசலிலேயே என் காது அடைத்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தில்தான் அவர் என்னைப் படிக்கவைத்தார். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் என் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது என்பதும், அதைக் கழிக்க வேண்டியே அவர் வேறு பட்டறைக்கு மாற முடியாமல் இருந்தார் என்பதும் எனக்கு வெகு காலம் கழித்தே தெரிந்தது.

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளாக நான் அவரிடம் பேசிய விதம் சரியில்லை. ஒன்றைக் கேட்டால் வேறொன்றுக்குப் பதில் சொல்வார். "பணம் எடுத்தாச்சா" என்று கேட்டால் "மணம் ஒன்றும் வரவில்லையே" என்பார். அவர் கவனிப்பதில்லை, வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்துக் கத்தினேன். அக்கா வீட்டுச் சம்பந்திகள் இருந்தபோது, "இவரிடம் சொல்வதற்குச் சுவரிடம் சொல்லலாம்" என்றேன். ஒரு பண்டிகை நாளில், "கேட்காத ஆளுக்கு எதற்குப் பேச்சு? போ, போய்ப் படு" என்று விரட்டினேன். அவருக்குக் கேட்காது என்று எண்ணி, பக்கத்தில் இருந்துகொண்டே வாய்க்குள் முணுமுணுத்த சொற்கள் வேறு. அவற்றில் ஒன்று, "இந்தத் தொல்லை எப்போது தீருமோ."

இரண்டு மாதங்களுக்கு முன் அவரைச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். தறிச் சத்தத்தால் வந்த கேள்விக் குறைவு, திரும்பாது என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு உறக்கம் சரியாக இல்லை.

வாயால் சொன்னால் பாதி அவருக்குப் போய்ச் சேராது என்பதால்தான் கடிதம். எழுதியிருப்பதன் தொடக்கம் இது:

"மதிப்பிற்குரிய தந்தையார் அவர்களுக்கு. கடந்த சில ஆண்டுகளாக என் வாயிலிருந்து சில கடுமையான வார்த்தைகள் வந்துவிட்டன. வேலைச் சுமையாலும் கடன் நெருக்கடியாலும் என் நிதானம் தவறிப்போனது. தங்கள் காதுக் குறை தறியால் வந்தது என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதனால் தங்கள் மனம் புண்பட்டிருந்தால் இந்த மகனை மன்னித்தருள வேண்டுகிறேன்."

என் கேள்வி ஒன்றுதான். முணுமுணுத்த சொற்களையும் இதில் ஒப்புக்கொள்ள வேண்டுமா? அவர் கேட்கவே இல்லையென்றால், நான் எழுதுவதுதான் அவரை முதன்முதலாகப் புண்படுத்தும். எழுதாவிட்டால், பாதியை மறைத்த மன்னிப்பாகிவிடும்.

மல்லிகைக்கொடி

தம்பி, உங்கள் மனம் புரிகிறது. ஆனால் நீங்கள் தலைகீழாகத் தொடங்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. முதலில் காதுக்கருவி வாங்கிக் கொடுங்கள். கேட்கத் தொடங்கியபின் எதிரில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே மன்னிப்புக் கேளுங்கள். என் மாமனாருக்கு அப்படித்தான் செய்தோம். கருவி வந்த பிறகு வீட்டில் சண்டையே குறைந்துவிட்டது. கடிதம் என்பது வெளியூரில் இருப்பவர்களுக்கு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தாளை நீட்டினால், பாகப் பிரிவினைப் பத்திரமோ என்று பெரியவர் பயந்துவிடுவார். கருவி வரும்வரை காதோரம் போய்ச் சற்று உரக்கப் பேசினாலே போதும்.

ஒலியளவு

இருபத்திரண்டு ஆண்டுகள் செவிப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். விசைத்தறி, நூற்பாலை, கல் உடைக்கும் ஆலை ஆகியவற்றில் இருந்து வந்த நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா, கருவி வாங்கித் தருவது நல்ல செயல்தான், ஆனால் உரக்கப் பேசுவது உதவாது. தறிச் சத்தம் முதலில் கெடுப்பது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் பகுதியை, குறிப்பாக 4000 ஹெர்ட்ஸ் அளவை ஒட்டிய இடத்தை. தாழ்ந்த சுருதி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த பகுதியில் இருக்கின்றன. க, ச, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் குறிப்புகள் உயர்ந்த பகுதியில் இருக்கின்றன. ஆகவே அவருக்கு யாரோ பேசுவது கேட்கிறது, என்ன பேசினார் என்பது பிடிபடுவதில்லை. "கேட்குது, ஆனா வெளங்கல" என்று அவர்கள் எல்லோரும் சொல்லும் வாசகம் இதைத்தான் குறிக்கிறது. கத்தும்போது, ஏற்கெனவே கேட்கும் உயிரொலிதான் மேலும் பெரிதாகிறது. மெய்யொலி தெளிவதில்லை. இப்படிக் கெட்ட காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது. ஆனால் பெரிய ஒலி மற்றவர்களுக்கு இருப்பதைப் போலவே, சில சமயம் அதைவிடக் கூசும்படி, பெரிதாகவே விழும். கத்திய நாள்களில் உங்கள் அப்பா முகத்தைச் சுளித்திருப்பார். அதை நீங்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கருவிக்காகக் கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகள் அந்த ஒலிகளைக் கேட்காமல் இருந்த மூளை, கருவி போட்ட அன்றே பழகிவிடாது. முதலில் நாளுக்கு ஓரிரு மணி நேரம், அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசிப் பழக வேண்டும். வாரங்கள் ஆகும். பாத்திரச் சத்தம் தாங்காமல் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறவர்கள் பலர். அப்படி வைத்துவிட்டால் உங்கள் மன்னிப்பும் பெட்டிக்குள் போய்விடும்.

காவிரிக்கரை, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவர் எதைக் கேட்டிருக்க மாட்டார் என்று நீங்கள் போட்ட கணக்கு தவறாக இருக்கலாம். "போ, போய்ப் படு" என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கமாக அவரிடம் "போங்க" என்றுதான் பேசுவீர்கள் அல்லவா? மூக்கொலிகளின் வலு தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. "ங்க" என்ற முடிவு, இந்த வகைக் காதுக்கும் நன்றாக எட்டும். நீங்கள் சொன்னவற்றில் பாதிச் சொற்கள் அவருக்கு விளங்காமல் போயிருக்கலாம். ஆனால் அந்த "ங்க" இல்லாமல் போனது உறுதியாக விளங்கியிருக்கும்.

காவிரிக்கரை

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து வெளியே போய்விட்டேன். ஆம், எங்கள் வீட்டில் அப்பாவை "நீங்க, வாங்க" என்றுதான் சொல்வோம். அன்று நான் "போ" என்றதை ஒரு சுருக்கம் போலத்தான் நினைவில் வைத்திருந்தேன். என் கணக்கில் குற்றம் அந்த வாக்கியத்தின் பொருளில் இருந்தது. அவருக்கு அந்தப் பொருளே போய்ச் சேராமல், மரியாதை விழுந்தது மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

தென்னந்தோப்பு

எனக்கு ஒன்று புரியவில்லை. அப்பா கடுமையாகப் பேசியதற்கு மகன் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? எங்கள் தலைமுறையில் அப்பாக்கள் பேசாத பேச்சா? என் தகப்பனார் என்னைப் புளிய விளாரால் அடித்து வளர்த்தார். நானும் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் எதிர்த்துப் பேசியதற்கெல்லாம் வருத்தம் தெரிவித்து நான்கு பக்கம் எழுதினேன். அவரும் தம் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கடிதத்தைப் படித்தார், மடித்தார், "மின்கட்டணம் கட்டியாச்சா" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அவர்மீது இருந்த கோபம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ஆகவே எழுதாதீர்கள் என்பதே என் அனுபவம்.

பிழைதிருத்தி

தென்னந்தோப்பு ஐயா, இங்கே கடுமையாகப் பேசியவர் மகன், அப்பா அல்லர். முதல் பதிவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனாலும் உங்கள் அனுபவம் இங்கே வேண்டியதுதான். உங்கள் கடிதத்துக்குள் ஒரு கணக்கு இருந்தது. நான் இவ்வளவு கொடுக்கிறேன், நீ இவ்வளவு கொடு என்பதே அந்தக் கணக்கு. அதைச் சொற்களில் நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். நான்கு பக்கம் என்ற நீளத்திலேயே அது தெரிந்திருக்கும்.

காவிரிக்கரை, நான் நாளெல்லாம் பிறர் எழுதியதைத் திருத்திப் பிழைப்பவன். உங்கள் வரைவில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தியில் நீங்கள் எந்தத் தவற்றையும் செய்யவில்லை. வார்த்தைகள் வந்துவிட்டன, நிதானம் தவறிப்போனது, தெரியாமல் போய்விட்டது, மனம் புண்பட்டிருந்தால். எல்லாம் தாமாக நடந்திருக்கின்றன. தமிழில் இந்த வசதி ஏராளம். பால் பொங்கிவிட்டது, கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்வதைப் போல, வார்த்தையும் வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், செய்தவன் அங்கே தென்பட மாட்டான். ஒவ்வொரு வினையையும் எடுத்துக்கொண்டு "நான்" என்ற எழுவாயை அதற்கு முன்னால் வைத்துப் பாருங்கள். "நான் சொன்னேன்", "நான் கத்தினேன்", "நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை." உட்கார மறுக்கும் வினைகளை எல்லாம் மாற்றுங்கள். "புண்பட்டிருந்தால்" என்பதில் இருக்கும் அந்த "ஆல்" அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது, புண்பட்டதை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பதுபோல.

வேலைச் சுமை, கடன் நெருக்கடி ஆகியவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 43 ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்தவரிடம் வேலைச் சுமையைக் காரணமாக எழுதாதீர்கள்.

"தந்தையார் அவர்களுக்கு", "மன்னித்தருள" என்பவையும் வேண்டாம். அது மனு எழுதும் நடை. நீங்கள் அவரை அப்பா என்றுதானே கூப்பிடுகிறீர்கள்?

காவிரிக்கரை

கடுமையாக இல்லை, ஐயா. நான் எழுதியது வெறும் மன்னிப்பு மனுவாக இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. எதனால் என்று சொல்லத் தெரியாமல் இருந்தது.

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அப்பா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். காலையில் செய்தித்தாளை எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்துப் படிப்பார். அவருடைய கூலி நோட்டில் "லை" எழுதும்போது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் கற்ற அந்தத் துதிக்கை வைத்த எழுத்தைத்தான் இன்றும் எழுதுகிறார். நீளமான கடிதம் கொடுத்தால், என் மகளை அழைத்துப் படிக்கச் சொல்லிவிடுவார் என்ற பயமும் இருக்கிறது.

ஓய்ந்ததறி

நானும் பள்ளிபாளையம் பக்கத்தில் தறி ஓட்டியவன்தான். வயது 71. என் பேரன் இந்தத் திரியைக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்கிறான்.

உங்கள் பயம் நியாயமானது. பேத்தி வாயால் அந்தக் கடிதத்தைக் கேட்க வைத்துவிடாதீர்கள். அது உங்களுக்குத் தண்டனை ஆகாது, அவருக்குத்தான் கூச்சம். அவரே தனியாகப் படிக்கும்படி ஒரு தாளில், இருபக்கத்துக்கு மேற்படாமல், எழுத்தைப் பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி விட்டு எழுதுங்கள். அச்சடிக்காதீர்கள். கையால் எழுதினால் என் மகன் எழுத்து என்று தெரியும். அதிகாலையில், கண் தெளிவாக இருக்கும் நேரத்தில், கண்ணாடியோடு சேர்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எதிரில் நின்று முகத்தைப் பார்க்காதீர்கள்.

அடுத்து, முணுமுணுத்த பேச்சு. தறி ஓடும் இடத்தில் யாரும் வாயால் பேசிக் காது கேட்பதில்லை, தம்பி. பாவு அறுந்துவிட்டது, ஊடை தீர்ந்துவிட்டது, முதலாளி வருகிறார், டீ வந்துவிட்டது, எல்லாவற்றையும் கையாலும் உதட்டாலும்தான் சொல்வோம். நான்கு தறி தள்ளி நிற்பவன் உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்வோம். பத்து வருடம் தறி ஓட்டியவனுக்கே அது பழகிவிடும். உங்கள் அப்பா நாற்பத்து மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார். நீங்கள் சத்தமில்லாமல் சொன்னால் அவருக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள். நீங்கள் சத்தமில்லாமல் சொன்னதுதான் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஒலியளவு

பெரியவர் சொன்னதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பரிசோதனை அறையில் நாங்கள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொற்களைச் சொல்லிக் கேட்பது அதற்காகத்தான். முகத்தைப் பார்க்க விட்டால் ஆலைத் தொழிலாளர்கள் எதிர்பார்த்ததைவிட மிக நன்றாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு வரம்பும் உண்டு. ப, ம இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். உங்கள் வீட்டில் "பணம்" என்பது "மணம்" ஆனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காது பிரித்துக் காட்டாததைக் கண்ணும் பிரித்துக் காட்டவில்லை. நாக்கின் பின்பகுதியில் பிறக்கும் க, ங போன்றவை வெளியே தெரிவதே இல்லை. அதனால் உதட்டை மட்டும் பார்த்து ஒரு முழு வாக்கியத்தைப் பிடிப்பது அரிது. சூழ்நிலை தெரிந்திருந்தால் பிடித்துவிடலாம். "இந்தத் தொல்லை எப்போது தீருமோ" என்பதைச் சலிப்பான முகத்தோடு, அவர் எதிரில் சொல்லியிருந்தால், சூழ்நிலையே பாதியைச் சொல்லியிருக்கும். திரும்பி நின்று சொல்லியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

காவிரிக்கரை

திரும்பி நிற்கவில்லை. அவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அப்பா மாத்திரையை வாங்கி விழுங்கினார். தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இத்தனை நாள் "இன்னும் என்ன?" என்று கேட்பதாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

மல்லிகைக்கொடி

தம்பி, அப்படியே இருந்தாலும் அந்த ஒன்றை எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு அது தெரிந்திருக்கலாம். ஆனால் தாம் அறிந்தது உங்களுக்குத் தெரியாது என்ற எண்ணத்தில் அவர் அதை விழுங்கி, தமக்குள் ஓர் இடம் கொடுத்து வைத்திருப்பார். "என் மகன் ஏதோ அலுப்பில் சொன்னான்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். நீங்கள் தாளில் எழுதிக் கொடுத்தால், பிறகு அதை அவர் ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். கத்தியதையும், சபையில் அவமதித்ததையும் எழுதுங்கள். அவர் சாவை விரும்பியதாகப் பொருள்படும் வாக்கியத்தை மட்டும் கையெழுத்தில் கொடுக்காதீர்கள்.

பிழைதிருத்தி

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தாளில் இருக்கும் குற்றங்களிலேயே மிகப் பெரியது விடுபட்டுப் போனால், அந்த மன்னிப்பைப் படிக்கிறவர் விடுபட்டதைத்தான் தேடுவார். "அதைச் சொல்லவில்லையே, அதை மட்டும் இன்னும் நினைக்கிறானோ" என்று எண்ண இடம் இருக்கிறது. எனினும் அம்மா சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். அந்த வாக்கியத்தை மேற்கோளாகத் திருப்பி எழுத வேண்டியதில்லை. எங்கே, எப்போது சொன்னீர்கள் என்பதை எழுதினால் போதும். அறிந்தவர் அறிந்துகொள்வார். அறியாதவருக்கு அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

ஓய்ந்ததறி

எனக்கு இருவர் சொல்வதும் சரியாகப் படுகிறது. என் மகன் எழுதியிருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நேற்று இரவெல்லாம் யோசித்தேன். ஒரு நேரம் வேண்டாம் என்று தோன்றுகிறது. ஒரு நேரம், அவன் அதையும் நினைவு வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் நெஞ்சில் இருப்பது இறங்கும் என்று தோன்றுகிறது. முடிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். சம்பந்திகள் முன்னால் பேசியதற்குத் தாளில் மன்னிப்புக் கேட்டால் தீராது. அவர்கள் இன்னும் உங்கள் அப்பாவைச் சுவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதே ஆட்கள் இருக்கும்போது, அதே வீட்டில், நீங்களே சொல்ல வேண்டும்.

காவிரிக்கரை

இரண்டாம் வரைவைக் கையால் எழுதி முடித்துவிட்டேன். ஒரு தாள், இருபக்கம். தயவுசெய்து பாருங்கள்.

"அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை ஆண்டுகள் உங்கள் நலத்தை நான் கேட்கவில்லை.

உங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தும் நான் கத்தினேன். ஏன் கேட்கவில்லை என்று விசாரிக்கவில்லை. உங்கள் காது தறிச் சத்தத்தில் போயிருக்கிறது. அந்தத் தறியில்தான் என் கல்லூரிப் பணம் வந்தது. அதை வாங்கிப் படித்த நான், அந்தக் காதைப் பார்த்தே கத்தினேன்.

அக்கா வீட்டில் சம்பந்திகள் இருந்தபோது உங்களைச் சுவர் என்று சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். உங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன்.

பொங்கல் அன்று உங்களைப் போ என்று சொன்னேன். உங்களைப் போங்கள் என்று சொல்லாத நாள் அதற்கு முன் ஒன்றும் இல்லை.

போன ஆண்டு உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது, மாத்திரை கொடுத்துக்கொண்டே ஒன்று சொன்னேன். அதைச் சத்தம் இல்லாமல் சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன்.

நீங்கள் பதில் ஒன்றும் சொல்ல வேண்டாம். இனி எதையும் உங்கள் முகத்துக்கு எதிரே வந்து நின்று, மெதுவாகச் சொல்வேன். விளங்காவிட்டால் மறுபடியும் சொல்வேன்.

உங்கள் மகன்."

மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை என்பதை எழுதிய பிறகே கவனித்தேன். சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

பிழைதிருத்தி

சேர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். "மன்னித்துவிடுங்கள்" என்பது ஏவல் வினை, அவர் செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தருகிறது. "பதில் சொல்ல வேண்டாம்" என்று எழுதிவிட்டு அந்த வேலையைத் தருவது பொருந்தாது. "அதையும் நான்தான் சொன்னேன்" என்ற வரியைத் தொடாதீர்கள். சம்பந்திகளைப் பற்றிய பத்தியில் மட்டும் ஒரு குறை இருக்கிறது. பெரியவர் சொன்னதை நீங்கள் செய்வதாக இருந்தால் அதை இங்கே வாக்களிக்காதீர்கள், செய்துவிடுங்கள். கடிதத்தில் வாக்களித்துவிட்டால் அவர் அந்த நாளை எண்ணிக் கூச்சப்படத் தொடங்கிவிடுவார்.

தென்னந்தோப்பு

முதல் பதிவைத் தவறாகப் படித்ததற்கு வருந்துகிறேன். "நீங்கள் பதில் ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்று நான் என் தகப்பனாருக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் மின்கட்டணம் பற்றிக் கேட்டது எனக்கு வேறு மாதிரி கேட்டிருக்குமோ என்று நினைக்கிறேன். ஆனால் என் தகப்பனார் அடித்ததும் உண்மைதான். அதை என்னால் விட முடியவில்லை.

ஒலியளவு

கடைசிப் பத்தியில் ஒரு சிறு திருத்தம். "விளங்காவிட்டால் மறுபடியும் சொல்வேன்" என்பதை "வேறு சொல்லில் சொல்வேன்" என்று மாற்றுங்கள். அதே சொல்லை மூன்று முறை சொன்னாலும் அதே மெய்யொலிதான் விடுபடும். "பணம்" பிடிபடாவிட்டால் "வங்கியில் எடுத்தாச்சா" என்று கேளுங்கள், பிடிபடும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் உதடு அவருக்குத் தெரியாது.

காவிரிக்கரை

பதினொரு நாள்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு அதிகாலை, செய்தித்தாளுக்கு அடியில் கண்ணாடியோடு வைத்துவிட்டு, பால் வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன். ஆற்றங்கரை வரை போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்தபோது அப்பா செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். கடிதம் கண்ணில் படவில்லை. அன்றும் அடுத்த மூன்று நாள்களும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்காம் நாள் இரவு மாத்திரை கொடுக்கும்போது எதிரில் உட்கார்ந்து, விளக்கு என் முகத்தில் விழும்படி வைத்துக்கொண்டு, "சாப்பாட்டுக்கு அப்புறமா, முன்னாலயா" என்று கேட்டேன். முதல் தடவையிலேயே சரியாகப் பதில் சொன்னார்.

நேற்று அவருடைய கூலி நோட்டுகள் இருக்கும் தகரப் பெட்டியில் காப்பீட்டு அட்டையை எடுத்துவரச் சொன்னார். நோட்டுகளுக்கு மேலே என் கடிதம் நான்காக மடித்து இருந்தது. அவரே எடுக்கச் சொன்ன பெட்டி என்பதால் பிரித்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், "பொங்கல் அன்று" என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, மேலே தம் கையெழுத்தில் "ஆடி 18" என்று திருத்தியிருக்கிறார். வேறு எந்தத் திருத்தமும் இல்லை. மாத்திரை பற்றிய வரியின் கீழே பென்சில் முனை பட்ட ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. அது ஏதேனும் எழுத நினைத்துக் கைவிட்டதா, எழுத்துக்கூட்டும்போது பட்டதா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். ஆடிப் பெருக்குதான் என்றார். அன்று பவானிக்குப் போய் வந்த அலுப்பில் நான் கத்தினேனாம். எனக்கு அது நினைவில் இல்லை.

அடுத்த மாதம் அக்கா வீட்டில் காதுகுத்து. சம்பந்திகள் வருகிறார்கள்.

ஓய்ந்ததறி

ஆடி 18 என்று எழுதியிருக்கிறார் என்றதும் பேரனை அந்த இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். தம்பி, காதுகுத்துக்குப் போகும்போது அப்பாவை உங்கள் பக்கத்தில், சுவர் ஓரமாக இல்லாமல், எல்லோர் முகமும் தெரியும்படி நடுவில் உட்கார வையுங்கள்.